வந்தவருக்கு ஒரு கடிதம், வராதவருக்கு வேறொரு கடிதம்

ஞாயிற்றுக்கிழமை காலையில் இருவர் தத்தம் கைபேசியைத் திறந்து மின்னஞ்சலைப் பார்க்கின்றனர். இருவருக்கும் வந்திருப்பது ஒரே கடிதம். "நேற்றைய கருத்தரங்கிற் கலந்துகொண்டமைக்கு எமது உளங்கனிந்த நன்றி" என்று அது தொடங்குகிறது. முதலாமவர் முந்திய இரவு ஏழு மணி தொடக்கம் எட்டு மணி கடந்தும் இருந்து கேட்டவர். அவர் எழுதிக் கேட்ட வினாவுக்கு நேரமின்மையால் விடை கிடைக்கவில்லை. கடிதத்திலும் அவ்விடை இல்லை. இரண்டாமவரோ அன்றிரவு கருத்தரங்கின் பக்கமே வரவில்லை. வராத தமக்கு நன்றி கூறுவோர், வந்தவர் யார், வராதவர் யார் என்று பார்க்கவே இல்லை என்பது அவருக்கு முதல் வரியிலேயே விளங்கிவிடுகிறது. ஒரே கடிதம் இருவரிடத்தும் பிழைத்துப்போயிற்று.

வெபினார் எனப்படும் இணையவழிக் கருத்தரங்குகள் 2020ஆம் ஆண்டின் கொள்ளைநோய்க் காலத்திலிருந்து நம் நாட்டிலும் பெருவழக்காயின. பாடசாலைகள், வங்கிகள், பயிற்சி நிலையங்கள், மருத்துவர் சங்கங்கள் யாவும் அவற்றை நடத்துகின்றன. முன்கூட்டியே பெயரையும் மின்னஞ்சல் முகவரியையும் பதிவு செய்தவர்களுக்கே நுழைவதற்கான இணைப்பு அனுப்பப்படுவது வழக்கம். கட்டணமில்லாக் கருத்தரங்காயின், பதிவு செய்தவருட் பாதிக்கு மேற்பட்டோர் வராதொழிவது புதுமையன்று. ஆகவே நிகழ்ச்சி முடிந்ததும் நடத்துவோர் கையில் இருப்பது ஒரு பட்டியலன்று, இரண்டு பட்டியல்கள். அவற்றை எவ்வாறு பிரிப்பது, பிரித்தபின் எவருக்கு என்ன எழுதுவது என்பதே இங்கு ஆராயப்படும் பொருள்.

விளக்கத்தின் பொருட்டு ஒரு கற்பனை நிலையத்தை எடுத்துக்கொள்ளலாம். வவுனியாவில் ஒரு தொழிற்பயிற்சி நிலையம் கணக்கியலில் வார இறுதி டிப்புளோமா வகுப்பொன்றைத் தொடங்கவிருக்கிறது. அதுபற்றி விளக்கச் சனிக்கிழமை இரவு ஏழு மணிக்கு ஸூம் வழியாக ஒரு கருத்தரங்கு வைக்கிறது. பதிவு செய்தோர் 120 பேர். பேச்சு எட்டு மணிக்கு முடியவேண்டியது. எட்டுப் பத்துக்கு முடிந்தது. வகுப்பின் கட்டணம் பற்றி 25ஆம் நிமிடத்திற் சொல்லப்பட்டது. பத்துப் பேருக்கு அரைக்கட்டணச் சலுகை உண்டு என்றும், அதற்கு விண்ணப்பிக்கப் பத்து நாள்களே உண்டு என்றும் 31ஆம் நிமிடத்திற் சொல்லப்பட்டது. இச்செய்தி வேறெங்கும் எழுத்தில் வெளியிடப்படவில்லை. இது நினைவிலிருக்கட்டும், கடிதம் பிந்தினாலோ பிழைத்தாலோ இழப்பு எங்கே நேரும் என்பது இதிற்றான் இருக்கிறது.

நிகழ்ச்சி முடிந்தபின் ஸூம் தரும் வருகை அறிக்கையில் ஒவ்வொரு பெயருக்கும் எதிரே Attended என்னும் நிரலில் Yes அல்லது No என்று குறிக்கப்பட்டிருக்கும். வந்த நேரம், நீங்கிய நேரம், இருந்த நிமிடங்கள் என்பனவும் அருகே இருக்கும். Yes என்றவரை ஒருபுறமும் No என்றவரை மறுபுறமும் ஒதுக்கிவிட்டால் வேலை முடிந்தது என்று எண்ணத் தோன்றும். அப்படி எண்ணுவோரே பெரும்பாலும் பிழை செய்கின்றனர்.

எடுத்துக்காட்டான நிலையத்தின் அறிக்கையில் Yes என்ற வரிகள் 64 இருந்தன. ஆனால் வந்தவர் 64 பேரல்லர். இணைப்பு அறுந்து மீண்டும் நுழைந்தவருக்கு ஒவ்வொரு முறைக்கும் ஒரு வரி எழுதப்படும். கிராமப்புறத்தில் அலைவரிசை தளர்ந்த இடத்திலிருந்து ஒருவர் நான்கு முறை நுழைந்தால் நான்கு வரிகள் அவருக்கே உரியன. மின்னஞ்சல் முகவரியைக் கொண்டு வரிகளை ஒன்றுசேர்த்தபோது 48 பேர் என்று தெரிந்தது. இருந்த நிமிடங்களையும் அவ்வாறே கூட்டவேண்டும். ஆயின் எழுபது நிமிடம் நடந்த நிகழ்ச்சியில் ஒருவர் 130 நிமிடம் இருந்ததாகக் கூட்டுத்தொகை வருமானால், அவர் கைபேசியிலும் கணினியிலும் ஒரே வேளையில் நுழைந்திருந்தார் என்பதே பொருள். அத்தகையவருக்கு முதல் வரவையும் கடைசி நீக்கத்தையும் பார்த்து முடிவு செய்தல் போதும்.

இனி No என்று குறிக்கப்பட்ட 72 பேர். இவர்கள் எல்லாருமே வராதவர்களா? அல்லர். தாயொருத்தி மட்டக்களப்பில் தம் பெயரிலும் மகன் பெயரிலும் தனித்தனியே பதிவு செய்திருந்தார். நிகழ்ச்சியன்று இருவரும் ஒரே கைபேசிக்கு முன்னே அமர்ந்து முழுவதையும் பார்த்தனர். அறிக்கையிலே தாய் வந்தவர்; மகன் வராதவர். வகுப்பிற் சேரவிருப்பவனோ மகன். இவ்வாறே சாதாரண தொலைபேசியில் எண்ணைச் சுழற்றிக் கேட்டவர்கள், தம்மை அடையாளங் காட்டும் இலக்கத்தை அழுத்தாவிடின், பெயரின்றித் தொலைபேசி எண்ணாக மட்டும் அறிக்கையின் அடியில் வேறொரு பகுதியிற் காணப்படுவர். பதிவு செய்தபோது அவர்கள் கொடுத்த எண்ணோடு ஒப்பிட்டால் ஆளை அறியலாம். நிகழ்ச்சியை யூடியூபிலும் நேரடியாக ஒளிபரப்பியிருந்தால் அங்கே பார்த்தவர் எவரும் இவ்வறிக்கையில் இரார். இதற்கு மாறான பிழையும் உண்டு. பதிவு செய்தவருக்கு அனுப்பப்படும் நுழைவிணைப்பு அவருக்கே உரியது. அவர் அதைத் தம் நண்பருக்குக் கொடுத்து நண்பர் நுழைந்தால், வராத இவர் வந்தவராகிவிடுவார்.

நிலையத்தார் தொலைபேசி எண்களை ஒப்பிட்டும், வினாப் பகுதியில் "நானும் என் மகனும் பார்த்துக்கொண்டிருக்கிறோம்" என்பது போல எழுதப்பட்டவற்றை வாசித்தும், நால்வரை மறுபட்டியலுக்கு மாற்றினர். வந்தோர் 52, வராதோர் 68 ஆயினர். ஒரு மாலைப்பொழுதின் வேலை அது. நால்வருக்காக இவ்வளவு பாடா என்று கேட்போர் உளர். அந்நால்வருள் அரைக்கட்டணத்தை நாடக்கூடிய ஓர் இளைஞன் இருந்தான் என்பதை அவர்களுக்கு நினைவூட்டலாம்.

எவ்வளவு நுணுகிப் பார்த்தாலும் சிலரைப் பற்றிய ஐயம் தீராது. அப்போது எந்தக் கடிதத்தை அனுப்புவது? இரு பிழைகளும் ஒத்தவையல்ல. வராதவருக்கு "வந்தமைக்கு நன்றி" என்று எழுதினால் அது வெளிப்படையான பொய். அதனை எந்த நயமான சொல்லாலும் மூடவியலாது. வந்தவருக்கோ, வராதவருக்குரிய கடிதம் போய்ச் சேர்ந்தால், அதன் வாசகம் பக்குவமாக எழுதப்பட்டிருக்குமாயின், பெருந்தீங்கு எதுவுமில்லை. ஆகவே ஐயமுள்ளவர்களை வராதோர் பட்டியலில் இடுவதும், அக்கடிதத்தை வந்தவர் கண்ணிற் பட்டாலும் சுடாதவாறு எழுதுவதுமே தக்க வழியாம். "நீங்கள் வரவில்லை" என்று குற்றஞ்சாட்டும் வாசகத்தை விட்டு, "முழுமையாகக் கேட்கும் வாய்ப்பு உங்களுக்குக் கிடைத்திராவிடின்" என்று தொடங்கினால், இருவர்க்கும் அது பொருந்தும்.

வந்தவருள்ளும் ஒரு பிரிவு தேவைப்படுகிறது. பத்து நிமிடம் இருந்தவரையும் எழுபது நிமிடம் இருந்தவரையும் ஒன்றாகக் கருதலாகாது. எத்தனை நிமிடம் இருந்தவரை வந்தவர் எனலாம் என்று பலர் ஓர் எண்ணைத் தேடுவர். எண்ணைத் தேடுவதிலும், பேச்சின் பொருளைப் பார்ப்பதே நன்று. இங்கே கட்டணமும் சலுகையும் 25ஆம் நிமிடத்துக்கும் 35ஆம் நிமிடத்துக்கும் இடையிற் சொல்லப்பட்டன. அந்தப் பத்து நிமிடத்தில் இருந்தவரே செய்தியைக் கேட்டவர். ஐம்பத்திருவருள் 11 பேர் அதற்கு முன்னரே நீங்கிவிட்டனர், அல்லது அதற்குப் பின்னரே நுழைந்தனர். நாற்பதாம் நிமிடத்தில் வந்து இறுதிவரை இருந்தவர் அரைமணி நேரம் இருந்தவரே; ஆயினும் சலுகை பற்றி அவர் ஒன்றும் அறியார். இருந்த நிமிடத்தை மட்டும் பார்ப்பவருக்கு இது புலப்படாது. வந்த நேரத்தையும் நீங்கிய நேரத்தையும் சேர்த்துப் பார்க்கவேண்டும்.

ஆக மூன்று தொகுதிகள் ஆயின: முழுமையாகக் கேட்டவர் 41, பாதியிற் கேட்டவர் 11, வராதவர் 68. மூன்றையும் கூட்டினால் 120 வருகிறதா என்றும், ஒரே முகவரி இரு தொகுதிகளில் இருக்கிறதா என்றும் அனுப்புமுன் பார்த்தல் வேண்டும். முகவரியின் முன்னோ பின்னோ ஒரு வெற்றிடம் ஒட்டிக்கொண்டிருந்தாற்கூட, அட்டவணை அதனை வேறொருவராகக் கொள்ளும். கூட்டுத்தொகை 121 என்று வருமிடத்து, காரணம் பெரும்பாலும் இத்தகைய அற்பப் பிழையே.

இனிக் கடிதங்களைப் பார்க்கலாம். முழுமையாகக் கேட்டவர் ஒரு மணி நேரத்தைத் தந்தவர். அவருக்கு முழு ஒளிப்பதிவையும் மீண்டும் பார்க்கச் சொல்வதிற் பயனில்லை. அவர் எதிர்பார்ப்பவை மூன்று: பேச்சிலே தருவதாகச் சொல்லப்பட்ட தாள்கள், விடை கூறப்படாத வினாக்களுக்கு விடை, அடுத்துச் செய்யவேண்டிய ஒன்று. ஸூம் தனியே தரும் வினாவிடை அறிக்கையிலிருந்து, எவர் எதைக் கேட்டார் என்பதை எடுத்துக்கொள்ளலாம். நிலையத்தார் எழுதிய கடிதம் பின்வருமாறு அமைந்தது:

"சனிக்கிழமை இரவு கணக்கியல் வகுப்பு பற்றிய உரையை இருந்து கேட்டமைக்கு நன்றி. உரையிற் காட்டிய பாடத்திட்டத்தையும் கட்டண விவரத்தையும் இத்துடன் இணைத்துள்ளோம். நேரமின்மையால் விடை கூறாது விட்ட ஆறு வினாக்களுக்கும் கீழே விடை எழுதியுள்ளோம். அரைக்கட்டணச் சலுகைக்கு விண்ணப்பிக்க விரும்புவோர் வரும் செவ்வாய்க்கிழமைக்கு அடுத்த செவ்வாய்க்கிழமை மாலை நான்கு மணிக்கு முன் இணைப்பிலுள்ள படிவத்தை நிரப்பி அனுப்புக. வகுப்பிற் சேர்வது பற்றி உங்களுக்கு எஞ்சியுள்ள தயக்கம் யாது? இம்மடலுக்கே இரண்டு வரியிற் பதில் எழுதலாம். பயிற்சிப் பொறுப்பாளர் நேரில் வாசிப்பார்."

இதில் வேண்டுகோள்கள் அதிகமில்லை என்பதைக் கவனித்தல் வேண்டும். படிவத்தை நிரப்புக, முகநூலிற் சேருக, கருத்துக்கணிப்புக்கு விடை தருக, நண்பருக்கு அனுப்புக என்று நான்கு வேலைகளை ஒருங்கே சுமத்தினால், வாசிப்பவர் எதையும் செய்யார். கடைசி வினாவும் வெறும் மரியாதைக்காக வைக்கப்பட்டதன்று. கேட்டவர் மட்டுமே அதற்கு விடையளிக்கக்கூடும். வராதவரிடம் அதையே கேட்டால் அவர் எதைக் கொண்டு விடை சொல்வார்?

பாதியிற் கேட்ட பதினொருவருக்கு இக்கடிதத்தையே சிறிது மாற்றினால் போதும். அவர் விட்ட பகுதி ஒளிப்பதிவில் எந்த நிமிடத்தில் இருக்கிறது என்பதை முதலிலே சொல்லிவிட வேண்டும். "நீங்கள் இடையில் வெளியேறியதைக் கண்டோம்" என்று எழுதுதல் ஆகாது. அறிக்கையில் அது பதிவாகியிருப்பது உண்மையே; ஆயினும் தம்மை ஒருவர் மணிக்கூட்டை வைத்துக் கணக்கெடுத்தார் என்று அறிவதை எவரும் விரும்பார். தெரிந்ததையெல்லாம் எழுத வேண்டியதில்லை. தெரிந்ததற்கேற்பக் கடிதத்தை அமைத்தலே வேண்டப்படுவது.

வராதவருக்கு எழுதுவதுதான் கடினம். அவர் ஏன் வரவில்லை என்பது எழுதுவோருக்குத் தெரியாது. 2022ஆம் ஆண்டு மார்ச் மாத இறுதியில் இலங்கையில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம் வரை மின்சாரம் துண்டிக்கப்பட்டது. அக்காலத்தில் இரவு ஏழு மணிக்கு ஒருவர் இணையத்தில் வராமைக்குக் காரணம் தேடவேண்டியதே இல்லை. மின்சாரம் இருக்கும் காலத்திலும் வீட்டில் நோயாளி இருக்கலாம், பேருந்து பிந்தியிருக்கலாம். வெளிநாட்டிலிருந்து பதிவு செய்தவராயின் நேரத்தைப் பிழையாகக் கணித்திருக்கலாம். இலங்கை நேரத்துக்கும் இலண்டன் நேரத்துக்கும் இடையே குளிர்காலத்தில் ஐந்தரை மணியும், கோடையில் நாலரை மணியும் வேறுபாடு. அந்த அரைமணியில் ஏமாந்தோர் பலர். இன்னும் சிலர் வரும் எண்ணமே இல்லாமற் பதிவு செய்வர். பதிவு செய்தால் ஒளிப்பதிவு கிடைக்கும், ஆறுதலாகப் பார்க்கலாம் என்பது அவர் கணக்கு. அவர்களைப் பார்த்து "உங்களைக் காணாது வருந்தினோம்" என்று எழுதுவது பொருளற்றது. ஆங்கிலக் கடிதங்களில் வழங்கும் அவ்வாசகம் தமிழில் வரும்போது, பாடசாலைக்கு வராத மாணவனிடம் ஆசிரியர் காரணங் கேட்பது போலவும் ஒலிக்கும்.

பதிவு செய்து பல நாள்கள் சென்றிருக்கலாம். எதற்குப் பதிவு செய்தோம் என்பதையே அவர் மறந்திருக்கக்கூடும். ஆதலின் முதல் வாக்கியத்திலேயே பொருளை நினைவூட்டல் வேண்டும். அடுத்து, ஒளிப்பதிவின் இணைப்பைக் கொடுத்தால் மட்டும் போதாது. எழுபது நிமிட ஒளிப்பதிவைத் திறக்கும்படி, வர நேரமில்லாதிருந்த ஒருவரிடம் சொல்வது அவர் தோளில் மீண்டும் அதே சுமையை ஏற்றுவதாகும். எந்தப் பகுதி எந்த நிமிடத்தில் என்று சொல்லவேண்டும். டேட்டா பொதியை அளந்து பயன்படுத்துவோருக்கு ஒரு மணி நேர ஒளிப்பதிவு சில நூறு மெகாபைட்டுகளை விழுங்கிவிடும் என்பதால், ஒரு பக்கச் சுருக்கத்தை எழுத்திலே தருதல் நல்லது. நிலையத்தாரின் கடிதம் இது:

"வார இறுதிக் கணக்கியல் டிப்புளோமா பற்றிச் சனிக்கிழமை நடைபெற்ற உரைக்கு நீங்கள் பதிவு செய்திருந்தீர்கள். அதனை முழுமையாகக் கேட்கும் வாய்ப்பு உங்களுக்குக் கிடைத்திராவிடின், சொல்லப்பட்டவற்றின் சுருக்கத்தை ஒரு பக்கத்தில் இணைத்துள்ளோம். ஒளிப்பதிவைப் பார்க்க விரும்பினால், கட்டண விவரம் 25ஆம் நிமிடத்திலும் அரைக்கட்டணச் சலுகை 31ஆம் நிமிடத்திலும் தொடங்குகின்றன. அச்சலுகை பத்துப் பேருக்கு உரியது. விண்ணப்ப முடிவு வரும் செவ்வாய்க்கிழமைக்கு அடுத்த செவ்வாய்க்கிழமை மாலை நான்கு மணி. உரையைக் கேட்டோருக்கும் கேளாதோருக்கும் இதில் வேறுபாடு இல்லை. வினா ஏதும் இருப்பின் வியாழக்கிழமை மாலை ஆறு மணி தொடக்கம் ஏழு மணி வரை தொலைபேசியிற் கேட்கலாம். இப்பொருளில் இனி அக்கறை இல்லையாயின், 'வேண்டாம்' என்று ஒரு சொல் எழுதினால் போதும், மேற்கொண்டு எழுதமாட்டோம்."

"வேறுபாடு இல்லை" என்னும் அந்த ஒரு வரியைப் பற்றி நிலையத்தினுள்ளே கருத்து வேறுபாடு எழுந்ததாக வைத்துக்கொள்ளலாம். வந்து கேட்டவருக்கே சலுகையை முதலிற் சொல்லவேண்டும், வராதவருக்கு நான்கு நாள் கழித்துச் சொன்னாற் போதும் என்று ஒருவர் வாதிக்கக்கூடும். வணிக நிறுவனங்கள் சில, நேரில் இருந்தோருக்கு மாத்திரம் விலைக்கழிவு தருவதுண்டு. வருவதற்குத் தூண்டுகோலாக அதை முன்னரே அறிவித்துவிட்டுச் செய்தால் அது தவறன்று. சொன்ன சொல்லைக் காக்கும்பொருட்டு வராதவருக்கு அதைக் கொடாமலிருப்பதே அங்கு முறை; அவ்விடத்தில் வராதவருக்கான கடிதத்தில், இழந்த சலுகையைப் பற்றிப் பேசாது விடுவதே நாகரிகம். இங்கோ முன்னறிவிப்பு எதுவும் இல்லை. சலுகை வசதி குறைந்தோருக்கென ஏற்பட்டது. இணையம் அறுந்ததால் வரவியலாதவரே அதற்கு மிக உரியவராகவும் இருக்கக்கூடும். எனவே இரு கடிதங்களும் ஒரே நாளிற் புறப்படவேண்டும், முடிவுத் திகதியும் ஒன்றாகவே இருக்கவேண்டும் என்று தீர்மானிப்பதே நியாயம்.

எந்த நாள் என்பது அடுத்த வினா. ஸூம் செயலியில் வந்தோருக்கும் வராதோருக்கும் தனித்தனிக் கடிதங்களை முன்கூட்டியே எழுதிவைத்து, நிகழ்ச்சி முடிந்து ஒரு நாள் தொடக்கம் ஏழு நாளுக்குள் தானாகவே செல்லுமாறு அமைக்கலாம். வசதியான ஏற்பாடுதான். ஆனால் அது மேற்கூறிய அறிக்கையை அப்படியே நம்பிச் செல்வது. மட்டக்களப்பு மகனை அது அறியாது. அன்றியும், ஒளிப்பதிவு ஆயத்தமாகச் சில மணி நேரம் செல்லும்; சில வேளைகளில் ஒரு நாளும் செல்லலாம். தொடக்கத்தில் ஒலிபெருக்கியைச் சரிசெய்த பத்து நிமிடத்தை வெட்டியெறிந்தால், 25ஆம் நிமிடம் 15ஆம் நிமிடமாகிவிடும் என்பதையும் மறத்தலாகாது. நிமிடக் கணக்கை வெட்டிய பின்னரே எழுதவேண்டும். நிலையத்தார் தானியங்கி ஏற்பாட்டை நிறுத்திவிட்டு, ஞாயிறு மாலைக்குள் தொகுதிகளைப் பிரித்து, திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு மூன்று கடிதங்களையும் தாமே அனுப்பினர். அதற்குமுன், நிலையத்தோடு தொடர்பில்லாத ஒருவருடைய கைபேசியிலிருந்து ஒளிப்பதிவின் இணைப்பு திறக்கிறதா என்று பார்த்தனர். நடத்துவோருடைய கணினியில் அது எப்போதும் திறக்கும். வெளியாரிடம் கடவுச்சொல் கேட்கும். கடிதம் போன பின்னர் இதனைக் கண்டறிந்தோர் கதைகள் ஏராளம்.

முகவரிகள் அனைத்தையும் பெறுநர் வரியில் வெளிப்படையாக இட்டு அனுப்புதலும் ஒரு பழைய குற்றம். யார் யார் வரவில்லை என்பதை அறுபத்தெட்டுப் பேருக்கும் அது விளம்பரஞ் செய்துவிடும். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை நம் நாடு இயற்றியுள்ளது. சட்டத்தை விட்டாலும், ஒருவர் வராமை அவருடைய சொந்தக் காரியம். பதிவுப் படிவத்திலே தமிழ், சிங்களம், ஆங்கிலம் என்று எம்மொழியை அவர் தேர்ந்தாரோ அம்மொழியிலேயே கடிதமும் செல்லவேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. ஆயினும் சொல்லவேண்டியிருக்கிறது.

கடிதம் பயன் தந்ததா என்பதை எவ்வாறு அறிவது? எத்தனை பேர் கடிதத்தைத் திறந்தனர் என்று அனுப்பும் செயலிகள் ஓர் எண்ணைக் காட்டும். அதனை அதிகம் நம்புதல் கூடாது. 2021ஆம் ஆண்டில் அப்பிள் நிறுவனம் கொண்டுவந்த ஏற்பாட்டின்படி, அதன் அஞ்சற் செயலியில் அவ்வசதியை ஏற்றுக்கொண்டவருக்கு வரும் கடிதத்திலுள்ள படங்கள் அவர் திறக்குமுன்பே தருவிக்கப்படுகின்றன. அதனால் வாசியாத கடிதமும் வாசிக்கப்பட்டதாகக் கணக்கில் ஏறிவிடுகிறது. இணைப்பைத் தொட்டவர் தொகை அதனினும் மேலானது. அதுவும் முற்றும் உறுதியன்று. சில அலுவலகங்களின் காவல் மென்பொருள்கள், தீங்குள்ளதா என்று பார்க்க இணைப்புகளைத் தாமே தொடும். பதிலாக வந்த வரிகள், தொலைபேசி அழைப்புகள், நிரப்பப்பட்ட படிவங்கள் ஆகியவையே உண்மையான சான்றுகள். மேலும், வந்தோர் கடிதத்துக்குக் கிடைத்த பலனையும் வராதோர் கடிதத்துக்குக் கிடைத்த பலனையும் அருகருகே வைத்து, முன்னது சிறந்த கடிதம் என்று முடிவு கட்டலாகாது. ஒரு மணி நேரம் இருந்து கேட்டவர் முன்னரே ஆர்வமுடையவர். அவருடைய ஆர்வத்தைக் கடிதத்தின் கணக்கில் எழுதுவது பிழை.

இரண்டாம் கடிதம் வராதவருக்கு மட்டுமே தேவைப்படலாம். அதுவும் ஒன்றோடு நிற்கவேண்டும். எடுத்துக்காட்டான நிலையத்தில் முதற் கடிதம் போன நான்கு நாளில் அறுபத்தெட்டுப் பேருள் 14 பேர் ஒளிப்பதிவைத் திறந்தனர். நால்வர் "வேண்டாம்" என்று எழுதினர். திறந்தவர்களுக்கு, வந்து கேட்டவர்களுக்குரிய கடைசி வினா அனுப்பப்பட்டது. அன்றுமுதல் அவர்கள் வந்தோர் பட்டியலைச் சேர்ந்தவராயினர். எஞ்சிய ஐம்பது பேருக்கும் சலுகை முடிவுக்கு நான்கு நாள் முன்னதாக, வெள்ளிக்கிழமை மாலையில், மூன்றே வாக்கியங்களில் ஒரு நினைவூட்டல் சென்றது. அதில் முதற் கடிதத்தைத் திரும்ப எழுதவில்லை. திகதியும், படிவத்தின் இணைப்பும், தொலைபேசி எண்ணும் மட்டுமே இருந்தன. மேலும் ஐவர் ஒளிப்பதிவைத் திறந்தனர், ஒருவர் வேண்டாமென்றார்.

விடை எதுவும் தராதவர் நாற்பத்து நால்வர். அவர்களுக்குச் சலுகை பற்றியோ வகுப்புப் பற்றியோ நிலையத்தார் மூன்றாவது கடிதம் எழுதவில்லை. வேண்டாமென்ற ஐவருடைய முகவரிகள் அஞ்சற் பட்டியலிலிருந்து எடுக்கப்பட்டன. மட்டக்களப்பு இளைஞனுடைய படிவம் திங்கட்கிழமை வந்து சேர்ந்தது. முடிவு நாளுக்கு முந்திய நாள் அது.